மறு: மதிய நேரத்தில் எச்சரிக்கை தாமதமாக வருகிறது

“எங்கள் அழைப்பு மையத்தில் கைவிட்ட அழைப்பு 5% தாண்டினால் எச்சரிக்கை. ஆனால் அது அடிப்பதற்குள் வரிசை நிரம்பிவிடுகிறது. 3% ஆக்கலாமா?”

வேண்டாங்க. வாடிக்கையாளர் சில நிமிடம் காத்திருந்து சலித்த பிறகுதான் போனை வைப்பார். அதனால் அந்த விகிதம் எப்போதும் பின்னால்தான் வரும். முன்னால் ஏறுவது ஒரு அழைப்பைக் கையாளும் நேரம்.

தெம்பனிஸில் நான் வேலை பார்த்த மையத்தில் மதியம் 12 முதல் 12:30 வரை 80 அழைப்பு, 18 பேர். அழைப்புக்கு 6 நிமிடம் என்றால் 480 நிமிட வேலை. கையில் இருப்பது 540. ஒருநாள் திரை மெதுவாகி, சராசரி 7.5 ஆனது. வேலை 600 நிமிடம். அரை மணியிலேயே எட்டு பேர் வரிசையில் தேங்கிவிட்டார்கள். கைவிட்ட விகிதம் அதற்கப்புறம்தான் எகிறியது.

உங்கள் எல்லையையும் இப்படியே கணக்கிடுங்கள். 540-ஐ 80-ஆல் வகுத்தால் 6.75. நாங்கள் எச்சரிக்கையை 6.5-இல் வைத்தோம், கடைசி 15 நிமிடச் சராசரிக்கு மட்டும். யாராவது சாப்பிடப் போனால் 18 குறையும், எல்லையும் இறங்கும். இதைத்தான் பலரும் மறப்பார்கள்.

ஒரு சிக்கல்: அழைப்பும் அதற்குப் பின் எழுதும் குறிப்பும் முடிந்தால்தான் நேரம் பதிவாகும். இழுத்துக்கொண்டே போகும் அழைப்பு சராசரியில் தெரியாது. ஆகவே 12 நிமிடம் தாண்டி இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் திரையில் வையுங்கள்.

5% அப்படியே இருக்கட்டும். 5 வினாடிக்குள் வைத்துவிடுவதை மட்டும் கழித்துவிடுங்கள், அதில் தவறான எண்ணும் இருக்கும்.