சம்பானில் நடந்தால் அது எவ்வளவு விலகும்?

"பினாங்கில் அசையாமல் நின்ற சம்பானில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன், படகு பின்னால் போனது. எவ்வளவு போகும் என்று எப்படிக் கணக்கிடுவது?"

ஆள், படகு இரண்டின் எடையும் சேர்ந்து சமன்படும் புள்ளியே நிறை மையம். வெளியிலிருந்து யாரும் தள்ளாதவரை அது இடம் மாறாது. வழவழப்பான தரையில் விரித்த பாயின்மேல் ஓடினால் பாய் பின்னால் வழுக்குவதைப் போல, கால் பின்னுக்குத் தள்ளுவதால் படகு விலகுகிறது.

ஆளின் எடையைப் படகில் நடந்த நீளத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். 60 கிலோ ஆள், 120 கிலோ படகு, நடந்த நீளம் 3 மீட்டர் என்றால், 180ஐ 180ஆல் வகுக்க, விலகல் 1 மீட்டர். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவர் 2 மீட்டர்தான் முன்னேறியிருப்பார். தண்ணீரின் தடையை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் அது விலகலைச் சற்றுக் குறைக்கும்.

வேகமாக நடந்தால் படகு அதிக தூரம் போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தக் கணக்கின்படி அது விரைவாக விலகுமே தவிர, நடந்தவர் நின்றதும் அதே 1 மீட்டரில் நின்றுவிடும்.