வாட்ச்சில் வரும் ஓடிபி: திருடு போனால் முதலில் எதைச் செய்வது?

கேள்வி: அண்ணா, நேற்று ஜிம் லாக்கரிலிருந்து என் ஆப்பிள் வாட்ச் திருடு போய்விட்டது. மணிக்கட்டில் டாட்டூ இருப்பதால் சும்மா சும்மா பாஸ்கோடு கேட்கும், அதனால் Wrist Detection-ஐ அணைத்து வைத்திருந்தேன். போன் கையில்தான் இருக்கிறது. வாட்ச்சை அதிலிருந்து நீக்கிவிடட்டுமா?

பதில்: நீக்கவே நீக்காதீர்கள். நீக்கினால், வாட்ச்சை உங்கள் கணக்கோடு பூட்டி வைக்கும் Activation Lock போய்விடும். எடுத்தவர் வாட்ச்சைப் புதிதுபோல அவர் பெயரில் கட்டிக்கொள்ளலாம். உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். போனில் Find My திறந்து, வாட்ச்சைத் தொலைந்ததாக இப்போதே குறியுங்கள். போனும் சேர்ந்து போயிருந்தால்கூட வேறு யாருடைய கம்ப்யூட்டரிலாவது iCloud.com/find போய் இதைச் செய்யலாம். அங்கே ஓடிபி கேட்காது, கணக்கின் பாஸ்வேர்டு போதும்.

உங்கள் விஷயத்தில் அவசரம் கொஞ்சம் அதிகம். Wrist Detection இருந்தால் வாட்ச் கையை விட்டுக் கழன்றதும் தானே பூட்டிக்கொள்ளும். நீங்கள் அதை அணைத்துவிட்டதால் லாக்கரில் அது திறந்தே கிடந்திருக்கலாம். தொலைந்ததாகக் குறித்தாலும், அந்த உத்தரவு வாட்ச்சுக்கு நெட் கிடைக்கும்போதுதான் போய்ச் சேரும். சிம் இல்லாத மாடல் என்றால், ஏற்கெனவே தெரிந்த வைஃபை பக்கத்தில் வந்தால்தான் உண்டு. சரி, ஓடிபி ஆப் ஏதாவது வாட்ச்சில் வைத்திருந்தீர்களா?

கேள்வி: ஆமாம் அண்ணா. ஆறு எண் வாட்ச்சிலேயே மாறிக்கொண்டிருக்கும். போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் காட்டும். மெயில், ஆபீஸ் கணக்கு, இன்ஸ்டா மூன்றும் அதில்தான்.

பதில்: அப்படியானால் இன்றைய முக்கிய வேலை அதுதான். முதல் தடவை க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தீர்களே, அப்போது ஒரு ரகசியச் சாவி ஆப்புக்குள் போய் உட்கார்ந்தது. அந்தச் சாவியையும் கடிகார நேரத்தையும் வைத்து, பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை எண் கணக்கிடப்படுகிறது. இதற்கு நெட்டும் வேண்டாம், போனும் வேண்டாம். போன் இல்லாமலே காட்டியது என்றால் சாவி வாட்ச்சுக்குள்ளேயே இருக்கிறது. போனில் அந்த ஆப்பை அழித்தாலும் வாட்ச்சில் எண் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

சாவியையே மாற்றுவதுதான் வழி. முதலில் மெயில். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வரும். கூகுள் என்றால் 2-Step Verification பக்கத்தில் Authenticator-ஐத் திறந்து Change authenticator app கொடுங்கள். புது க்யூஆர் வரும், அதைப் போனில் ஸ்கேன் செய்து, போன் காட்டும் ஆறு எண்ணை அங்கே போட்டதும் பழைய சாவி செத்துவிடும். பிறகு, வாட்ச் காட்டும் எண் இனி உதவாது. பேக்கப் கோடுகளையும் புதிதாக எடுத்துவிடுங்கள். அப்புறம் ஆபீஸ் கணக்கு, அதை உங்கள் ஐடி டீமிடம் சொன்னால் அவர்களே ரீசெட் செய்வார்கள். இன்ஸ்டாவில் பழைய ஓடிபி ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு தெரியாதவருக்கு அந்த ஆறு எண்ணால் பொதுவாகப் பயனில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே பாஸ்வேர்டை நான்கு இடத்தில் போட்டிருப்பவர்கள் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்த வாட்ச் வாங்கினால் டாட்டூ இல்லாத கையில் கட்டுங்கள். சென்சாரின் ஒளியை மை மறைப்பதால்தான் கையில் இல்லை என்று நினைத்து அது பூட்டிக்கொள்கிறது.

கேள்வி: இவ்வளவு எதற்கு? போனில் ப்ளூடூத்தை அணைத்தால் வாட்ச் வெறும் டப்பாதானே?

பதில்: பாதி சரி. போனில் வரும் எஸ்எம்எஸ்ஸை வாட்ச் திருப்பிக் காட்டுவது மட்டும்தான் என்றால், தொடர்பு அறுந்ததும் புதிதாக எதுவும் வராது. சாவி உள்ளே இருக்கும் ஆப்புக்கு அது பொருந்தாது என்று மேலே சொன்னேன். இசிம் போட்ட ஆப்பிள் வாட்ச்சுக்கும் பொருந்தாது. உங்கள் ஐபோன் ஆன் ஆகி நெட்டில் இருந்தால், அதற்கு வரும் எஸ்எம்எஸ் எங்கோ இருக்கும் வாட்ச்சுக்கும் போகும், பேங்க் ஓடிபி உட்பட. சிம் கம்பெனியைக் கூப்பிட்டு வாட்ச்சின் இணைப்பை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். "வாட்ச்" என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நம்பரையே நிறுத்திவிடப் போகிறார்கள்.

கேள்வி: சார், என் வாட்ச்சின் பாஸ்கோடு மறந்துவிட்டது. ஓடிபி போட்டுத் திறக்க வழி உண்டா?

பதில்: திருட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், பரவாயில்லை. ஓடிபியால் திறக்காது. ஆப்பிள் என்றால் சார்ஜரில் வைத்தபடியே முழுதாக அழித்துவிட்டு மறுபடி போனோடு சேர்க்கலாம். திருடனும் அதே போல அழிக்க முடியும். ஆனால் அழித்த பிறகு உங்கள் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், அங்கே நின்றுவிடுவான்.

கேள்வி: அம்மாவுக்கு 2000 ரூபாயில் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். பேங்க் ஓடிபி முழுசாக அதில் தெரிகிறது. தொலைந்தால் பணம் போய்விடுமா தம்பி?

பதில்: தொலைந்த வாட்ச்சை நினைத்து அவ்வளவு பயப்பட வேண்டாம் அக்கா. போனை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே புது மெசேஜ் வராது. பழைய ஓடிபி கிடந்தாலும் அது காலாவதியாகியிருக்கும். இந்த மாதிரி வாட்ச்சில் Activation Lock எல்லாம் கிடையாது. அதனால் முதலில் கேட்டவருக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, தொலைந்ததும் போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து உடனே நீக்கிவிடுங்கள். எனக்குக் கவலை வாட்ச் கையில் இருக்கும்போதுதான். அம்மா பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் எளிதாகப் படித்துவிடலாம். வாட்ச்சின் ஆப்பைத் திறந்து, நோட்டிஃபிகேஷன் பட்டியலில் மெசேஜ் ஆப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். போன் கால் வந்தால் அதிரும் வசதி அப்படியே இருக்கும்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரில் முன்பு வாட்ச்சிலேயே Approve தட்டுவேன். இப்போது ஏன் முடியவில்லை? வசதியாக இருந்ததே.

பதில்: ஆப்பிள் வாட்ச்சுக்கான அந்த ஆப்பை 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், கம்ப்யூட்டர் திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டினால்தான் உள்ளே விடும் முறையைக் கட்டாயமாக்கினார்கள். என்னைக் கேட்டால் நல்ல முடிவு. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் இப்படித்தான் நுழைந்தார்கள். பாஸ்வேர்டு கையில் கிடைத்தவன் மறுபடி மறுபடி லாகின் செய்ய முயன்றான். ஒப்பந்த ஊழியருக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு வந்தது, கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டார். வாட்ச்சில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சமையல் நடுவே கை அதிரும், சின்னத் திரை, எந்த ஊரிலிருந்து யார் கேட்கிறார்கள் என்று படிக்கப் பொறுமை இருக்காது, விரல் தட்டிவிடும். நீங்கள் லாகின் செய்யாதபோது அப்படி வந்தால், பெரும்பாலும் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். Deny கொடுத்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கேள்வி: நான் ஐசியூ நர்ஸ். வார்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது. எங்கள் ஆபீஸ் ஆப்பில் இன்னும் வாட்ச் Approve இருக்கிறது, எனக்கு அதுதான் வழி. நீங்கள் சொல்வது மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு.

பதில்: நியாயம்தான் சிஸ்டர். அப்படியென்றால் Wrist Detection கட்டாயம், நான்கு எண்ணுக்குப் பதில் ஆறு எண் பாஸ்கோடு. யூஎஸ்பியில் செருகும் செக்யூரிட்டி கீ தர முடியுமா என்று ஐடியில் கேட்டுப் பாருங்கள். அனுமதி கேட்கும் வேலையே இருக்காது.

கேள்வி: கேட்டாயிற்று. வார்டு கம்ப்யூட்டர்களில் யூஎஸ்பியை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

பதில்: அப்படியானால் கார்டைத் தட்டி லாகின் செய்யும் ரீடர் வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். அது உங்கள் ஆஸ்பத்திரி முடிவு செய்ய வேண்டியது. அதுவரை வாட்ச்சையே பயன்படுத்துங்கள், வேறு வழி எனக்கும் தெரியவில்லை. இதே போல வார்டில் வேலை செய்பவர்கள் வேறு ஏதாவது முறை வைத்திருந்தால் இங்கே எழுதுங்கள்.