கஸ்டமர் அத்துமீறினால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? கேள்வி பதில்

பதில் சொல்பவர் தொழிலாளர் வழக்கறிஞர். சில ஹோட்டல்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறார்.

"ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் இருக்கிறேன். ஒரு கஸ்டமர் புடவையை விரித்துக் காட்டச் சொல்லி, அந்தச் சாக்கில் கையைப் பிடிக்கிறார். அடிக்கடி வருகிறார். சூப்பர்வைசரிடம் சொன்னால், 'பெரிய பார்ட்டிம்மா, அனுசரிச்சுப் போ' என்கிறார். வெளியாள் செய்வதற்குக் கடையைக் கேட்க முடியுமா?"

தாராளமாகக் கேட்கலாம், அம்மா. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013 சட்டத்தின் 19ஆம் பிரிவு, வேலை செய்யும் இடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் உங்களைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விசாகா வழக்கின் தீர்ப்பிலேயே வெளியாட்களைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது.

வாயால் சொன்னதோடு விடாதீர்கள். தேதி, நேரம், எந்த கவுண்டர் என்று எழுதி, கடையின் புகார்க் குழுவுக்குக் கொடுங்கள். அன்று அவர் ஏதாவது வாங்கியிருந்தால் பில் நம்பரையும் சேருங்கள். ஆள் யார் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். புகார் வந்ததும் பல கடைகள் அந்தப் பெண்ணை குடோனுக்கு அனுப்பிவிடும். விற்பனை ஊக்கத்தொகை போய்விடும், பாதுகாப்பு என்று பெயர் மட்டும் மிஞ்சும். சட்டப்படி இடமாற்றம் நீங்கள் எழுதிக் கேட்டால் வருவது. கடை செய்ய வேண்டியது வேறு: அந்த ஆள் வந்தால் ஃப்ளோர் மேனேஜரே போய் எதிர்கொள்ள வேண்டும், திரும்பவும் செய்தால் உள்ளே விடக்கூடாது.

"ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் நான். கெஸ்ட் எங்கள் ஊழியர் இல்லை, அதனால் எங்கள் குழு அவரைத் தண்டிக்க முடியாது. போலீஸுக்குப் போகச் சொல்லிவிட்டால் எங்கள் பொறுப்பு முடிந்ததுதானே?"

முதல் பாதி சரி சார். சம்பளத்தை நிறுத்து, வேலையைவிட்டு எடு என்று கெஸ்ட் விஷயத்தில் குழு பரிந்துரைக்க முடியாது. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இரவு டவல் கேட்டு அழைத்த கெஸ்ட், உள்ளே வந்த பெண்ணை வெளியே விடாமல் கதவை மறித்துக்கொண்டு ஆபாசமாகப் பேசுகிறார். அந்தப் பெண் எப்படியோ தப்பி வந்து சொல்கிறார். அந்த இரவே வராந்தா கேமரா பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். ரெக்கார்டர் நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டே போகும், விசாரணை நாளில் திரை காலியாக இருக்கும். கதவின் கீ கார்டு பதிவு, ரிசப்ஷனுக்கு வந்த அழைப்பின் நேரம், கெஸ்டின் அடையாளச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் சேரட்டும். அதன் பிறகு அந்த அறைக்கு யாரும் தனியாகப் போகக்கூடாது. புகாரை அந்தப் பெண் தன் வார்த்தையில் எழுதட்டும். மேனேஜர் 'திருத்திக்' கொடுத்த புகார் பிறகு அந்தப் பெண்ணையே மாட்டிவிடும்.

போலீஸுக்குப் போவதா என்பது அவர் விருப்பம். போவதாகச் சொன்னால் உடன் நிற்பதும், வெளியாள்மேல் நடவடிக்கை எடுக்க ஆவன செய்வதும் 19ஆம் பிரிவின்படி உங்கள் வேலை. அங்கே பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு வரும்.

கம்பெனி வேலையாக வந்து தங்கியவர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு இடத்தில் வேலை பார்த்தாலும், பாதிக்கப்பட்ட பெண்ணின் பணியிடக் குழுவே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு அரசுத் துறைகளுக்கு இடையிலானது. சொந்தச் செலவில் வந்து தங்கி, மறுநாள் வேறு ஊருக்குப் போய்விட்ட சுற்றுலாப் பயணியைக் குழு எப்படி வரவழைக்கும் என்றால், நடைமுறையில் அது இன்னும் இழுபறிதான்.

"நான் ஆண், பாரில் சர்வர். குடித்துவிட்டு வரும் சிலர் இடுப்பைக் கிள்ளுகிறார்கள். எனக்கும் இந்தக் குழுதானே?"

இல்லை தம்பி. 2013 சட்டத்தில் புகார் கொடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். அது ஒரு ஓட்டைதான் என்பது என் கருத்து. உங்கள் நிறுவனத்தின் சொந்த விதிகள் எல்லாப் பாலினருக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டிருக்கலாம், எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். தாக்குதல் என்ற வகையில் போலீஸ் புகார் எப்படியும் கொடுக்கலாம்.

"என் மளிகைக்கடையில் மொத்தம் 6 பேர். பாக்கியைக் கேட்டதற்கு ஒரு கஸ்டமர் கேஷியர் பெண்ணைக் கண்டபடி திட்டினார். இந்தச் சட்டத்தில் அவர்மேல் புகார் போடலாமா? 10 பேருக்குக் குறைவு என்பதால் எனக்கு இந்தக் கடமையே இல்லை என்று ஆடிட்டர் சொல்கிறார்."

பாக்கித் தகராறில் திட்டியது மட்டும் என்றால் இந்தச் சட்டம் வராது, அது சாதாரண போலீஸ் புகார். திட்டியது எந்த மாதிரி வார்த்தை என்று அந்தப் பெண்ணிடம் ஒருமுறை கேளுங்கள். ஆபாசமாகப் பேசியிருந்தால் கதை வேறு.

ஆடிட்டர் குழுவையும் கடமையையும் ஒன்றாக்கிவிட்டார். 10 பேருக்குக் கீழே என்றால் கடைக்குள் குழு தேவையில்லை. பெண் நேராக மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். யாரிடம் கொடுப்பது என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் 19ஆம் பிரிவுக்கு ஆள் கணக்கு எதுவும் கிடையாது. அந்தக் கஸ்டமர் அடுத்த முறை வந்தால் கவுண்டரில் நீங்களே நின்று பாக்கியை வாங்குங்கள்.