கேட்காமல் அனுப்பும் டிசைன்: எதைக் காட்டலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்?

"வீட்டிலிருந்தே பேக்கிங் டிசைன் செய்கிறேன். எங்கள் ஊர் முறுக்குக் கம்பெனிக்கு, அவர்கள் கேட்காமலே ஒரு கவர் மாதிரி செய்து அனுப்ப ஆசை. ஐடியாவைச் சுட்டுவிட்டால் என்ன செய்வது?"

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் 'பனையோலைப் பெட்டி போல ஒரு கவர்' என்பது வெறும் ஐடியா, அதற்குக் காப்பிரைட் கிடையாது. 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் வரைந்த ஓலைப் பின்னலும் எழுத்தும்தான் உங்கள் சொத்து. வரைந்த உடனேயே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை.

அதனால் படத்தை மட்டும் காட்டுங்கள். ஏன் அந்த நிறம், 50 கிராம் பாக்கெட்டுக்கு என்ன மாற்றம் என்பதையெல்லாம் நேரில் பேசும்போது சொல்லலாம். ஒரே ஒரு கவரின் முன்பக்கம் போதும். ஆறு அங்குல அகலக் கவரை நன்றாக அச்சடிக்க 1,800 பிக்சல் வேண்டும். நீங்கள் 700 பிக்சலில் அனுப்பினால் போனில் பளிச்சென்று தெரியும், அச்சில் எழுத்தின் ஓரம் பிசிறும். திருட நினைப்பவர் முழுவதையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும். கம்பெனியின் சொந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். 'இது என் படைப்பு, பயன்படுத்த விரும்பினால் விலை பேசிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு அந்தத் தேதிதான் சாட்சி.

நான் பயப்படுவது முதலாளியைப் பார்த்து அல்ல, புரோக்கரைப் பார்த்துத்தான். "சார் கலர் மாத்திப் பார்க்கணுமாம், ஓப்பன் ஃபைல் குடும்மா" என்று ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கிப் போனார் ஒருவர். மூன்று மாதத்தில் அந்தக் கவர் பச்சைக்குப் பதில் சிவப்பில் கடையில் தொங்கியது. கம்பெனியைக் கேட்டால், "புரோக்கரிடம் காசு கொடுத்து வாங்கினோம்" என்றார்கள். அந்தப் பெண்ணிடம் கம்பெனிக்கு அனுப்பிய ஒரு கடிதம்கூட இல்லை. அட்வான்ஸ் வராமல் கோரல்டிரா ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள். 'ஐடியாவுக்கே காப்பிரைட் வாங்கித் தருகிறோம்' என்பவர்களுக்கும் பணம் கட்டாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொறுங்கள். படம் இல்லாமல், டப்பாவின் வடிவமே புதிது என்றால் கதை வேறு. அதற்கு 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவு வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே வெளியில் காட்டிவிட்டால், புதுமை போய்விட்டது என்று பதிவை மறுக்கலாம். நம்பி ரகசியமாகக் காட்டியதற்கு விலக்கு உண்டு. ஆனால் கேட்காமல் நீங்களே அனுப்பியதை ரகசியம் என்று நிரூபிப்பது பெரும்பாடு. எனவே வடிவம் என்றால் முதலில் விண்ணப்பம், அப்புறம் மாதிரி.

கவர் படத்தையும் பதிவு செய்ய நினைத்தால் கட்டணம் 2,000 ரூபாய்தான். ஆனால் பொருளின் மேல் வரும் படம் என்பதால் டிரேட்மார்க் அலுவலகச் சான்றிதழ் தனியாகக் கேட்பார்கள், அதன் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. ஒரு மாதிரிப் படத்துக்கு இப்படி இரண்டு அலுவலகம் அலையவிடுவது அநியாயம். ஆர்டர் கைக்கு வந்தபின் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.