மீட்டரில் 12.6, திரையில் 13.4: கோளாறு எங்கே?

"அண்ணா, சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு கேட் மோட்டார் பேட்டரியைக் கவனிக்க ஆர்டுயினோ யூனோவில் ஒரு மானிட்டர் செய்தேன். போன் சார்ஜரில் ஓடுகிறது, 30 கே, 10 கே ரெசிஸ்டர். மீட்டரில் 12.6 வோல்ட் இருக்கும்போது ரிலே இழுத்தால் திரையில் 13.4 வருகிறது. 16 பிட் ஏடிசி வாங்கினால் சரியாகுமா?"

இப்போதைக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம், தம்பி. யூனோவின் ஏடிசி 10 பிட், அதாவது 1024 படிகள். உங்கள் ரெசிஸ்டர்கள் பேட்டரி வோல்டேஜை நான்கில் ஒன்றாக்குகின்றன, ஆக 20 வோல்ட் வரை அளக்கலாம், ஒரு படி சுமார் 20 மில்லிவோல்ட். உங்கள் பிழையோ 800 மில்லிவோல்ட்! படியைப் பொடியாக்கி இதைத் தீர்க்க முடியாது.

யூனோ தன் 5 வோல்ட் சப்ளையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. ரிலே இழுக்கும்போது அந்த சார்ஜர் ஒயரில் வோல்டேஜ் விழுந்து 4.7 ஆகிறது என்று வையுங்கள். பின்னில் இருப்பது அதே 3.15 வோல்ட்தான், ஆனால் கோல் சுருங்கியதால் 645 வர வேண்டிய இடத்தில் 686 வருகிறது, உங்கள் புரோகிராம் கோலை இன்னும் 5 வோல்ட் என்று நம்பிப் பெருக்கி 13.4 என்கிறது. (நீங்கள் பார்த்தது ADS1115 என்றால் பிழை போய்விடும்தான். அதற்குள் சொந்த ரெஃபரன்ஸ் இருக்கிறது, காரணம் அதுதான், பிட் இல்லை.)

யூனோவுக்குள்ளேயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. மேலே 150 கே, கீழே 10 கே போடுங்கள், பதினாறில் ஒன்றாகும், சார்ஜாகும்போது 14.4 வந்தாலும் பின்னில் 0.9தான். A0 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, பின்னை ஒட்டியே இருக்கட்டும். AREF பின்னில் எந்த வோல்டேஜையும் கொடுத்துவிடாதீர்கள்.

```
analogReference(INTERNAL);

long t = 0;
for (int i = 0; i < 180; i++) t += analogRead(A0);
float v = (t / 180.0) * 0.01687;
```

முதல் வரி setup-க்குள். ரெஃபரன்ஸ் மாறியதும் வரும் முதல் சில ரீடிங்கை விட்டுவிடுங்கள். ஏன் 180? ஒரு ரீடிங்குக்கு 0.11 மில்லிசெகண்ட், 180க்கு 20, நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஒரு முழுச் சுற்று. பேட்டரி சார்ஜர் போடும் அலை சராசரியில் அடங்கிவிடும். நடுங்கும் எண்ணைத்தான் சராசரி அடக்கும், ஒரே பக்கமாகச் சாய்ந்த எண்ணை அல்ல, அதனால்தான் ரெஃபரன்ஸை முதலில் சொன்னேன்.

0.01687ஐ அப்படியே எடுக்காதீர்கள், அந்த 1.1 சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை மாறும். மீட்டர் 12.60 காட்டும்போது உங்கள் சராசரி எண் 747 என்றால், 12.60ஐ 747ஆல் வகுத்தால் வருவது அது. ரெசிஸ்டர் பிசகும் அதிலேயே அடங்கிவிடும்.

அப்புறம், ரிலேயை மட்டும் இழுத்துப் பாருங்கள், ஒரு படிக்கு மேல் நகரக் கூடாது. கேட் ஓடும்போது எண் இறங்கினால் மீட்டரையும் பாருங்கள். அதுவும் இறங்கினால் பேட்டரி நிஜமாகவே இறங்குகிறது. மீட்டர் அசையாமல் திரை மட்டும் இறங்கினால், மானிட்டரின் கிரவுண்ட் மோட்டார் ஒயரில் மாட்டியிருக்கும், கழற்றி நேராக பேட்டரி மைனஸில் கொடுங்கள்.