கைகள் ஃப்ரேமுக்குள் இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். காது கேளாத அம்மாவுக்காக மருத்துவமனையில் மொழிபெயர்த்துச் சொல்லும் 14 வயதுப் பெண்ணைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். நிதிக்கு விண்ணப்பித்து இரண்டு முறை நிராகரிக்கப்பட்டேன். இரண்டாவது முறை தேர்வுக்குழுவில் ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார்: "கலை நோக்கம், பார்வையாளர், கால அட்டவணை, விளைவுகள் ஆகிய நான்கையும் நான்கு பேர் எழுதியது போலிருக்கிறது." அவர் சொல்வது புரிகிறது. எப்படிச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. அடுத்த விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, திட்டக் காலம் 18 மாதம். என் வரைவை இணைத்திருக்கிறேன். வெளியிடுவதில் தயக்கமில்லை, பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். ஏழாம் பக்கத்தில், கேமரா விவரங்களுக்கு நடுவே ஒரு வரி இருக்கிறது: "அம்மா சைகையில் பேசும்போது முகத்துக்கு க்ளோஸ்-அப் போக மாட்டோம். கைகள் எப்போதும் ஃப்ரேமுக்குள் இருக்கும்." உங்கள் விண்ணப்பம் இந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும். முதல் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் "மௌனத்தின் அழகைக் கவித்துவமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்" என்பதை எடுத்துவிடுங்கள். அதை வேறு எந்தப் படத்தின் விண்ணப்பத்திலும் ஒட்டிவிடலாம். ஏழாம் பக்க வரியை உங்கள் படத்தைத் தவிர எங்கும் ஒட்ட முடியாது. தேர்வுக்குழுவில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் படிப்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

அந்த ஒரு முடிவு உங்களை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது என்று பாருங்கள். சைகை மொழி தலையிலிருந்து இடுப்பு வரை, இரு முழங்கைகள் விரியும் அகலத்தில் நடக்கிறது. புருவத்தை உயர்த்துவதும் சுருக்குவதும் அதில் இலக்கணம், கேள்வியா இல்லையா என்பதே பல இடங்களில் புருவத்தில்தான் இருக்கிறது. ஆக முகத்தையும் விட முடியாது, கைகளையும் விட முடியாது. இன்னொன்று, குரலில் பேசுபவரைப் படம் பிடித்தால், அவர் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலையோ மருந்துச் சீட்டையோ காட்டலாம், பேச்சு அறுபடாது. சைகையில் பேசுபவரிடமிருந்து படத்தை வெட்டினால் அவர் பேச்சையே வெட்டிவிட்டீர்கள். வழக்கமாக எடிட்டர்கள் வெட்டி ஒட்டிய இடத்தை மறைக்கும் வழி உங்களுக்கு இல்லை. இதை அப்படியே கலை நோக்கப் பகுதியில் எழுதுங்கள். இதோடு, வரைவில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் காட்சியையும் அங்கே கொண்டு வாருங்கள். மருத்துவர் நான்கு நிமிடம் விளக்குகிறார், மகள் அம்மாவிடம் திரும்பி "பரவாயில்லை, மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்கிறார்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறாள். அந்த நான்கு நிமிடமும் ஒலியை அடக்கி, சப்டைட்டிலும் தராமல், அம்மாவுக்கு எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவே பார்ப்பவருக்கும் கிடைக்கும்படி செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மிக நல்ல முடிவு. நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"இந்தப் படத்தில் அம்மா பேசும் ஒவ்வொரு வாக்கியமும் வெட்டில்லாமல், கைகளும் முகமும் ஒரே ஃப்ரேமில் தெரிய முழுமையாக வரும். மருத்துவர் பேசுவது மகள் சொல்லும் அளவுக்கே பார்வையாளரை எட்டும். அவள் சொல்லாமல் விட்டது என்ன என்பதைப் படத்தின் இறுதிப் பகுதியில், அதே காட்சியை ஒலியோடு மீண்டும் பார்க்கும்போதுதான் அறிவோம்."

மூன்று வாக்கியம் போதும். இதைப் படித்த பிறகு பார்வையாளர் யார் என்பதற்கு "பொதுமக்கள் அனைவரும்" என்று எழுத உங்களுக்கே கை வராது. கைகளை முழுமையாகக் காட்டுவது யாருக்காக? சப்டைட்டில் இல்லாமலே அம்மாவின் பேச்சைப் புரிந்துகொள்ளும் காது கேளாதவர்களுக்காக. மருத்துவரின் நான்கு நிமிடத்தை மறைத்துவைத்துக் கடைசியில் காட்டுவது யாருக்காக? தான் சொன்னது முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பும் செவிலியர், மருத்துவர், முன்பதிவு மேஜையில் இருப்பவர் ஆகியோருக்காக. இந்த இரண்டு கூட்டத்தைச் சொல்லி, அவர்களை எங்கே சந்திப்பீர்கள் என்று எழுதுங்கள்: காது கேளாதோர் சங்கங்களின் கூட்டங்கள், மருத்துவமனைப் பணியாளர் பயிற்சி நேரம், செவிலியர் கல்லூரி வகுப்பு. திரைப்பட விழாக்களுக்கும் அனுப்புவீர்கள்தான், அதற்கு ஒரு வரி போதும்.

இனி கால அட்டவணை. முன்தயாரிப்பு 2 மாதம், படப்பிடிப்பு 4, எடிட்டிங் 2 என்று போட்டிருக்கிறீர்கள். இது வேறு ஏதோ படத்தின் அட்டவணை. அம்மாவுக்கு மாதம் ஒரு முறைதான் மருத்துவரைப் பார்க்கும் நாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு சந்திப்புகளாவது கையில் இல்லாமல் மகளிடம் ஏற்படும் மாற்றத்தைக் காட்ட முடியாது, ஆகவே படப்பிடிப்புக்கே 6 மாதம் வேண்டும். அப்புறம், 60 மணி நேர ஃபுட்டேஜில் 25 மணி நேரம் சைகை என்று கணக்கு தந்திருக்கிறீர்கள். உங்கள் எடிட்டருக்குச் சைகை தெரியாது. ஒவ்வொரு வாக்கியமும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று நேரக் குறியோடு எழுதித் தராவிட்டால், அவர் பாதி வாக்கியத்தில் வெட்டுவார், அது அவருக்கே தெரியாது. ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு மொழிபெயர்ப்பாளருக்கு 5 மணி நேரம் என்று வைத்தால் 125 மணி நேரம். இந்த வேலையில் கண் சீக்கிரம் களைத்துவிடும், ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கிட்டத்தட்ட 31 வேலை நாள்கள். முதல் சந்திப்பைப் படம் பிடித்த உடனே இதைத் தொடங்கி, படப்பிடிப்போடு சேர்த்தே நடத்த வேண்டும். எடிட்டிங்குக்கு 4 மாதம் கொடுங்கள். அதில் இரண்டாம் மாத முடிவில், படத்தின் முதல் தொகுப்பான ரஃப் கட்டைக் காது கேளாத பார்வையாளர் எட்டுப் பேருக்குச் சப்டைட்டில் இல்லாமல் போட்டுக் காட்டி, எங்கே பேச்சு அறுந்தது என்று கேட்பதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

சம்மதத்தைப் பற்றி உங்கள் வரைவில் இருப்பது ஒரே வரி: "குடும்பத்தின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது." அதைப் படித்ததும் எனக்கு மனம் பதறியது. அம்மாவிடம் ஒப்புதலை யார் விளக்கினார்? மகளா? அப்படியானால் மருத்துவமனையில் நடப்பதையே நீங்களும் அந்த வீட்டில் செய்திருக்கிறீர்கள். தன் நோயைப் பற்றிய விவரம் திரையில் வரும் என்பதையும், நடுவில் விலகிக்கொள்ளலாம் என்பதையும் அந்தத் தாய் ஒரு பெரியவர் மூலம், வெளியாள் ஒருவர் மூலம் தெரிந்துகொள்ள வேண்டும். படப்பிடிப்பு நாள்களிலும் "அம்மாவைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொல்லும்மா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கக் கூடாது. தனியாக ஒரு சைகைமொழிப் பெயர்ப்பாளரை வைத்து, முதல் 2 மாதத்துக்குள் ஒப்புதலை மறுபடி பெறுங்கள். மருத்துவமனையின் அனுமதியை வாங்குவதற்கும் அதே காலம்தான். ரஃப் கட்டைக் குடும்பத்துக்குக் காட்டி, வேண்டாம் என்று சொல்லும் காட்சியை எடுத்துவிடவும் நாள் ஒதுக்குங்கள். அந்த நான்கு நிமிடக் காட்சியையே அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்படி நேர்ந்தால் எந்தச் சந்திப்பை அந்த இடத்தில் வைப்பீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். இந்தப் பத்தி இல்லாமல் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்பது என் மனமார்ந்த வேண்டுகோள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அனுமதியும் ஒப்புதலும் 2 மாதம், படப்பிடிப்பு 6, எடிட்டிங் 4, ஒலியும் சப்டைட்டிலும் 1, திரையிடல் 1. ஆக 14 மாதம். மீதி 4 மாதம் எதற்கு என்பதை விளைவுப் பகுதி சொல்லும்.

"10,000 பேர் பார்ப்பார்கள், பெரும் விழிப்புணர்வு ஏற்படும்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி நீங்கள் செய்யப்போகும் வேலையின் அளவு, இரண்டாம் பாதியை எதைக் கொண்டும் அளக்க முடியாது. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு படத்துக்கு 50 திரையிடல் என்று எழுதிக்கொடுத்து 50-ஐயும் நடத்தி முடித்தேன். இறுதி அறிக்கையைப் படித்த நிதி அமைப்பின் அலுவலர், "பார்த்தவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். என்னிடம் கைதட்டல் புகைப்படங்கள்தான் இருந்தன. ஆவணப்பட அமைப்பான டாக் சொசைட்டி வெளியிட்ட இம்பாக்ட் ஃபீல்டு கைடு என்ற கையேடு, படம் உண்டாக்கும் மாற்றத்தை மனம், நடத்தை, சமூகம், அமைப்பு என்று நான்காகப் பிரிக்கிறது. நான்கையும் தருவதாக வாக்களிக்க வேண்டாம். உங்கள் படம் தொடக்கூடியது செவிலியர், மருத்துவர்களின் நடத்தையை. அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்படி அளப்பது? மூன்று மருத்துவமனைகளில் பணியாளர் பயிற்சியில் திரையிடுவதாக வைத்துக்கொள்வோம். திரையிடலுக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காது கேளாத நோயாளி மகளோடு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" பதிலை அவர்களே எழுதட்டும், விருப்பத் தேர்வு வேண்டாம். விருப்பத் தேர்வு தந்தால் எல்லோரும் சரியான விடையில் டிக் அடிப்பார்கள். படம் முடிந்ததும் அதே கேள்வி. இது மனதைத்தான் காட்டும். நடத்தையைக் காட்டுவது பதிவேடு: திரையிடலுக்கு முந்தைய 3 மாதத்தில் சைகைமொழிப் பெயர்ப்பாளரை எத்தனை முறை அழைத்தார்கள், பிந்தைய 3 மாதத்தில் எத்தனை முறை. இதற்குத்தான் அந்த மீதி 4 மாதத்தில் மூன்று. கடைசி மாதம் அறிக்கைக்கு. பதிவேட்டைப் பார்க்கும் அனுமதியை, படம் பிடிக்கும் அனுமதி கேட்கும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். படம் முடிந்த பிறகு போய்க் கேட்டால், முந்தைய எண்ணிக்கையை யாரும் எடுத்துவைத்திருக்க மாட்டார்கள்.

இந்த அளவின் எல்லையையும் நீங்களே எழுதிவிடுங்கள். மூன்று மருத்துவமனைகளில் எண் மிகச் சிறியதாக இருக்கும், இரண்டிலிருந்து ஐந்தானால்கூடப் படம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே காலத்தில் வேறு பயிற்சி நடந்திருக்கலாம். "படமும் ஒரு காரணம்" என்பது வரைதான் உங்களால் சொல்ல முடியும். பெயர்ப்பாளரே கிடைக்காத மருத்துவமனையில் எண் பூஜ்யத்திலேயே நிற்கும், அங்கே செவிலியர் எழுதிய பதில்களை மட்டும் அறிக்கையில் தாருங்கள். இதைச் சொன்னால் விண்ணப்பம் பலவீனமாகத் தெரியும் என்று பயப்பட வேண்டாம். குழுவில் யாராவது கேட்கப்போகிற கேள்விதான் இது.

பட்ஜெட்டில் மொழிபெயர்ப்புக்கு ஒரே வரி போட்டிருக்கிறீர்கள். அதை நான்காகப் பிரியுங்கள்: ஒப்புதல் உரையாடலுக்கு, படப்பிடிப்பு நாள்களுக்கு, அந்த 125 மணி நேரத்துக்கு, எட்டுப் பேர் பார்க்கும் ரஃப் கட் நாளுக்கு. ஒப்புதலுக்கு வருபவரும் படப்பிடிப்புக்கு வருபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். உங்கள் படப்பிடிப்புக் குழுவில் இல்லாத ஒருவரிடம்தான் அந்த அம்மாவால் தயங்காமல் "வேண்டாம்" என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா