ஒரே மாதத்தில் மூன்று சிறு வருமான வழிகளைப் பார்த்த குமாஸ்தாவுக்கு எது பொருந்தியது?

கேள்வி: கணக்குக் குமாஸ்தா வேலை போய்விட்டது. கையில் முதல் இல்லை. உடனே என்ன செய்யலாம்?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிய என் மைத்துனர் இதே நிலையில் இருந்தார். முதலில் இட்லி மாவு விற்றார். விற்காத மாவு மறுநாளே புளித்து, அன்றைய லாபத்தைத் தின்றுவிட்டது. அடுத்து பைக்கில் உணவு விநியோகம். பெட்ரோல், பஞ்சர் செலவு போக மிஞ்சியது சொற்பம், முதுகுவலிதான் மிச்சம்.

மூன்றாவதாக, தெருமுனை ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில்களை, சப்ளையர்கள் பதிவு செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. தளத்தின் GSTR-2B பட்டியலோடு ஒப்பிட்டுக் கொடுத்தார். ஐம்பதாயிரம் ரூபாய்ச் சரக்குக்கான ஒரு பில் அதில் இல்லை. சப்ளையர் இந்தக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பதில் வேறொரு கடையின் எண்ணைப் போட்டுப் பதிவு செய்திருந்தார். 18 சதவீத வரியான ஒன்பதாயிரத்தைக் கடைக்காரர் தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாமல் போயிருக்கும். சப்ளையரிடம் சொல்லித் திருத்த வைத்தார்கள்.

கடைக்காரர் மாதம் ஆயிரம் ரூபாய் பேசி, பக்கத்துக் கடைக்கும் சொல்லிவிட்டார். மாதக் கணக்கு தருபவர்களுக்கு விற்பனை விவரம் தரும் GSTR-1-க்குக் கடைசி நாள் 11ஆம் தேதி, வரி கட்டும் GSTR-3B-க்கு 20ஆம் தேதி. வேலை இந்த இரண்டு தேதிகளுக்கு இடையில்தான் குவியும். அதனால் ஐந்தாறு கடைகளுக்கு மேல் அவர் ஏற்பதில்லை. உங்களுக்கும் இதையே சொல்வேன்.